முடியும் தேதியை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் கணிப்பது எப்படி: பழைய வார எண்களை வைத்து மான்டி கார்லோ முறை

ஒரு மென்பொருள் திட்டத்தில் மீதி 60 டிக்கெட், அதாவது பட்டியலில் தனித்தனியாகக் குறித்த 60 வேலைகள். கடந்த 12 வாரங்களில் சராசரியாக வாரத்துக்கு 3.75 டிக்கெட் முடிந்திருக்கிறது. வகுத்தால் 16 வாரம். பெரும்பாலான அணிகள் இந்த வகுத்தலோடு நின்று, வந்த தேதியை வாடிக்கையாளருக்கு எழுதி அனுப்பிவிடுகின்றன.

அந்த வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அது தரும் தேதிக்குள் வேலை முடிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று அது சொல்வதில்லை. இந்த எடுத்துக்காட்டில் அது ஏறக்குறைய 53 சதவீதம். வேலை நடுவில் பெருகும் என்பதையும் சேர்த்தால் வெறும் 14. பழைய வார எண்களைக் குலுக்கி எடுத்து, திட்டத்தை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்து அந்தச் சதவீதத்தைக் கண்டுபிடிக்கும் மான்டி கார்லோ முறைதான் கீழே இருப்பது. கூட்டலும் கொஞ்சம் பொறுமையும் போதும்; புள்ளியியல் படித்திருக்கத் தேவையில்லை.

எடுத்துக்காட்டாகச் சென்னையில் ஐந்து பேர் கொண்ட ஒரு மென்பொருள் அணியை வைத்துக்கொள்வோம். மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்குக் கையிருப்பு மென்பொருள் செய்கிறார்கள். கணிப்பு தொடங்கும் நாள் 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்கள் வேண்டும். கடந்த சில வாரங்களில் முடிந்த டிக்கெட்டுகளின் பட்டியல், ஒவ்வொன்றும் முடிந்த தேதியோடு. இன்னும் முடியாத டிக்கெட்டுகளின் பட்டியல். முன்பு முடித்த சில பகுதிகள் தொடக்கத்தில் எத்தனை டிக்கெட்டாக இருந்தன, முடிவில் எத்தனையாக வளர்ந்தன என்ற கணக்கு.

மூன்றாவதை யாரும் கையோடு கொண்டு வருவதில்லை. ஆனால் விடையை அதிகம் மாற்றுவது அதுதான். எட்டாம் பகுதியில் பார்க்கலாம்.

மணிக்கணக்கு மதிப்பீடும், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் புள்ளி போடுவதும் இங்கே தேவையில்லை. டிக்கெட்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறிதும் பெரிதும் கலந்த கலவை முன்பு எப்படி இருந்ததோ, இனிமேலும் ஏறக்குறைய அப்படியே இருந்தால் போதும். பெரிய டிக்கெட் இழுத்த வாரம் குறைந்த எண்ணாக ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

## 2. ‘முடிந்தது’ என்பதற்கு ஒரே கோடு

எண்ணத் தொடங்கும் முன், எந்தக் கட்டத்தைத் தாண்டினால் டிக்கெட் முடிந்ததாகக் கொள்வது என்று எழுதி வையுங்கள். சோதனை முடிந்ததா, வாடிக்கையாளரின் கணினியில் ஏறியதா?

காரணம் எளிது. பழைய எண்கள் சோதனை முடிந்த நாளை வைத்து எடுக்கப்பட்டு, வாடிக்கையாளர் கேட்கும் தேதி பயன்பாட்டுக்கு வரும் நாளாக இருந்தால், இடையில் இருக்கும் நாள்கள் கணக்கிலேயே இல்லை. கோட்டை வாடிக்கையாளர் பக்கம் நகர்த்துங்கள். முடியாவிட்டால் கடைசியில் அந்த நாள்களைத் தனியாகக் கூட்டுங்கள்.

இன்னொரு தொல்லை: மாத இறுதிக் கூட்டத்துக்கு முன் எல்லா டிக்கெட்டையும் ஒரே நாளில் மூடுவது. அப்போது வார எண்கள் 0, 1, 0, 14 என்று வரும். இப்படித் தெரிந்தால் டிக்கெட் மூடப்பட்ட தேதியை விட்டுவிட்டு, வேலை உண்மையில் கடைசிக் கட்டத்தைத் தாண்டிய தேதியை எடுங்கள். ஜிரா போன்ற கருவிகளில் ஒவ்வொரு டிக்கெட்டின் நிலைமாற்ற வரலாற்றில் அது இருக்கும்.

## 3. வார எண்களை எடுத்தல்

முடிந்த டிக்கெட்டுகளைத் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று வாரம் வாரமாக எண்ணுங்கள். நாள் கணக்கில் எடுத்தால் வெள்ளிக்கிழமை மூடும் பழக்கம், திங்கட்கிழமைக் கூட்டங்கள் போன்றவை எண்களைக் குலைக்கும். மாதக் கணக்கில் எடுத்தால் எண்கள் மிகக் குறைந்துவிடும்.

2025 அக்டோபர் 13 முதல் ஆண்டு இறுதி வாரம் வரை நம் அணியின் 12 வாரங்கள் இவை:

3, 0, 5, 6, 4, 2, 5, 7, 3, 4, 1, 5

கூட்டினால் 45. இரண்டாம் வாரத்தில் இருக்கும் 0 தீபாவளி வாரம். பதினோராவதாக வரும் 1 கிறிஸ்துமஸ் வாரம்.

புதிதாகச் செய்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ‘அது வழக்கமான வாரம் இல்லையே’ என்று அந்த இரண்டையும் நீக்கிவிடுவார்கள். நீக்கினால் சராசரி 4.4 ஆக உயரும். 16 வாரம் 14 வாரத்துக்கும் கீழே போகும். ஆனால் வரப்போகும் மாதங்களில் பொங்கல் இருக்கிறது, சித்திரைப் புத்தாண்டு இருக்கிறது, யாருக்காவது காய்ச்சல் வரும், ஏதாவது ஒரு சர்வர் விழும். எந்த வாரம் என்று தெரியாவிட்டாலும் வழக்கமில்லாத வாரங்கள் வரத்தான் போகின்றன. சுழியத்தை நீக்கும் உரிமை ஒரே ஒரு சூழ்நிலையில்தான் உண்டு: அதன் காரணம் இனி வரவே முடியாது என்று உறுதியாகத் தெரியும்போது.

அடுத்த தடுமாற்றம் இதைவிடப் பெரியது, கண்ணிலும் படாது. இந்த அணி அந்த 12 வாரங்களில் 45 புதிய வசதிகளை முடித்ததோடு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளில் 20 கோளாறுகளையும் சரிசெய்திருக்கிறது என்று வையுங்கள். கருவியில் ‘முடிந்தவை’ என்று கேட்டால் 65 என்று காட்டும். மீதிப் பட்டியலில் இருக்கும் 60 மட்டும் புதிய வசதிகள். 65ஐ வைத்துக் கணக்கிட்டால் 11 வாரத்தில் வேலை முடிந்துவிடும் போலத் தோன்றும். கோளாறுகளைச் சரிசெய்த வேகத்தைக் கொண்டு புதிய வசதிகளை முடிப்பதாகக் கணக்குப் போட்டுவிட்டோம் என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே மீதியில் எந்த வகையை எண்ணுகிறீர்களோ, பழைய எண்களிலும் அந்த வகையை மட்டுமே எண்ணுங்கள். கோளாறுகளுக்குப் போகும் நேரம் தானாகவே கணக்கில் வந்துவிடும். அந்த வேலையும் நடந்துகொண்டிருந்தபோதுதானே 45 முடிந்தது.

எத்தனை வாரம் பின்னோக்கிப் போவது? எட்டுக்குக் குறைந்தால் ஒன்றிரண்டு வாரங்கள் முழு விடையையும் இழுத்துக்கொண்டு போகும். மிகப் பின்னால் போனால் வேறு ஆள்கள், வேறு வேலை. அணியின் ஆள்கள் கடைசியாக மாறிய நாளிலிருந்து தொடங்குவது நல்லது. 10 முதல் 15 வாரம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

எடுத்த எண்களை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து ஒருமுறை பாருங்கள். நம் அணிக்கு முதல் ஆறு வாரம் 20, அடுத்த ஆறு வாரம் 25. ‘வேகம் கூடுகிறது, பின்பாதியை மட்டும் எடுப்போம்’ என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். இதே 12 எண்களைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தால், பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் 5 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வரும். குலுக்கியே வரக்கூடிய வித்தியாசத்தை முன்னேற்றம் என்று கொள்ள முடியாது. 10க்கு 35 என்பது போல வந்தால் அது வேறு கதை; ஏதோ மாறியிருக்கிறது, என்ன என்று கண்டுபிடித்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

## 4. மீதியை எண்ணுதல்

முடியாத டிக்கெட்டுகளை எண்ணுங்கள். பாதி முடிந்தவற்றை முழுதாகவே எண்ணுங்கள். ‘இது 80 சதவீதம் முடிந்துவிட்டது’ என்று கழிக்கத் தொடங்கினால் பேச்சு பழையபடி ஊகத்துக்குள் போய்விடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பட்டியலில் ‘அறிக்கைகள்’ என்று ஒற்றை வரியில் ஒரு முழுப் பகுதியே ஒளிந்திருக்கலாம். பழைய 45இல் அவ்வளவு பெரிய டிக்கெட் எதுவும் இல்லையென்றால் அதைப் பிரித்த பிறகு எண்ணுங்கள். நம் அணிக்கு இப்படிப் பிரித்த பிறகு வந்த எண் 60.

## 5. ஒரே ஒரு ஓட்டத்தைக் கையால் செய்து பாருங்கள்

நிரலுக்குப் போகும் முன் இதை ஒருமுறை செய்தால் பின்னால் வரும் எதுவும் மாயமாகத் தோன்றாது. 12 துண்டுச் சீட்டுகளில் அந்த 12 எண்களையும் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுங்கள். அது முதல் வாரத்தில் முடியும் டிக்கெட். குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்பப் போடுங்கள். மறுபடி எடுங்கள். கூட்டுத்தொகை 60ஐத் தொடும்வரை தொடருங்கள்.

எடுத்துக்காட்டாக 5, 3, 0, 4, 7, 5, 1, 6, 4, 5, 2, 5, 3, 4, 0, 5, 6 என்று வந்தால், பதினாறாம் வாரம் 59, பதினேழாம் வாரம் 65. இந்த ஓட்டத்தின் விடை 17 வாரம்.

சீட்டைத் திரும்பப் போடுவது முக்கியம். போடாவிட்டால் 12 வாரத்துக்குப் பிறகு டப்பா காலி. அதோடு ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் 12 வாரத்தில் சரியாக 45தான் முடியும். கெட்ட வாரங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வரும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும். நாம் அறிய விரும்புவதே அந்த வாய்ப்பைத்தான்.

## 6. அதையே 10,000 முறை

பைத்தானில் முழு நிரலும் இவ்வளவுதான்:

```python
import random

history = [3, 0, 5, 6, 4, 2, 5, 7, 3, 4, 1, 5]
remaining = 60
low, high = 1.0, 1.0
trials = 10000

weeks = []
for _ in range(trials):
    left = round(remaining * random.uniform(low, high))
    n = 0
    while left > 0:
        left -= random.choice(history)
        n += 1
    weeks.append(n)

for w in range(12, 28):
    done = sum(1 for x in weeks if x <= w)
    print(w, round(100 * done / trials))
```

`low`, `high` இரண்டும் இப்போதைக்கு 1.0 என்றே இருக்கட்டும். வேலை பெருகாது என்று பொருள்.

நிரல் வேண்டாம் என்பவர்கள் விரிதாளில் செய்யலாம். A2 முதல் A13 வரை 12 எண்களை இடுங்கள். வேறொரு வரிசையில் அடுத்தடுத்த 16 கட்டங்களில் இந்தச் சூத்திரத்தை இட்டு, வரிசையின் இறுதியில் கூட்டுத்தொகை எடுங்கள்:

```
=INDEX($A$2:$A$13, RANDBETWEEN(1,12))
```

அந்த வரிசையை ஆயிரம் வரிசைகளுக்கு நகலெடுங்கள். எத்தனை வரிசைகளில் கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் என்று `COUNTIF` மூலம் எண்ணினால், 16 வாரத்துக்குள் முடியும் வாய்ப்பு கிடைக்கும். வேறு வாரத்துக்குக் கட்டங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தாளில் எதைத் தொட்டாலும் எண்கள் மறுபடி குலுங்கும். ஆகவே அறிக்கையில் போடும் முன் மதிப்புகளாக ஒட்டிவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் 53 என்று காட்டியது 51 ஆவதைப் பார்த்து நம்பிக்கை இழந்தவர்கள் உண்டு.

ஓட்டங்கள் 10,000க்கு மேல் போக வேண்டியதில்லை. அந்த அளவில் விடை ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் அசையும்.

## 7. வந்த பட்டியலைப் படித்தல்

நம் எண்களுக்கு நிரல் ஏறக்குறைய இப்படிக் காட்டும்: 14 வாரத்துக்குள் முடிய 17 சதவீதம், 15க்குள் 33, 16க்குள் 53, 17க்குள் 70, 18க்குள் 83, 19க்குள் 91.

வகுத்தல் தந்த 16 வாரம் எங்கே நிற்கிறது பாருங்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சராசரியைக் கொண்டு வகுத்தால் பொதுவாக இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அந்தத் தேதியை வாக்காகக் கொடுக்கும் அணி இரண்டு திட்டங்களில் ஒன்றில் தாமதமாவதற்குச் சோம்பலைக் குறை சொல்லத் தேவையில்லை.

பட்டியலில் எந்த வரியைத் தேர்ந்தெடுப்பது? இது கணக்குக்கு வெளியே இருக்கும் கேள்வி. தாமதமானால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது. அணிக்குள் திட்டமிட 50 போதும். வாடிக்கையாளருக்குச் சொல்லும் தேதிக்கு 85ஐ எடுப்பது இந்தத் துறையில் வழக்கம். இதில் மாயம் ஒன்றுமில்லை, ஏழில் ஒரு முறை தவறினால் தாங்கிக்கொள்ளலாம் என்பது மட்டும்தான். பழைய மென்பொருளின் உரிமம் அந்த நாளோடு முடிகிறது என்றால் 95ஐப் பாருங்கள்.

இந்த முதல் பட்டியலின்படி 85ஐத் தாண்டும் முதல் வாரம் 19. அதன் வெள்ளிக்கிழமை மே 15. இதை இன்னும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

## 8. வேலை பெருகுவதைச் சேர்த்தல்

60 டிக்கெட் என்று தொடங்கிய வேலை 60 டிக்கெட்டிலேயே முடிவது அரிது. ஒரு டிக்கெட்டைத் திறந்தால் அது இரண்டாகப் பிரியும். ‘காலாவதித் தேதி வாரியாகவும் பட்டியல் வேண்டும்’ என்று வாடிக்கையாளர் நடுவில் நினைவுகூர்வார். சோதனையில் புதிதாக மூன்று முளைக்கும்.

இதை ஊகிக்க வேண்டாம். பழைய பகுதிகளைப் பாருங்கள். நம் அணி முன்பு முடித்த பகுதிகளில் ஒன்று சற்றும் வளரவில்லை. அதிகம் வளர்ந்தது 25இல் தொடங்கி 35இல் முடிந்தது. அதாவது பெருக்கம் 1.0 முதல் 1.4 மடங்கு வரை. நிரலில் `low, high = 1.0, 1.4` என்று மாற்றுங்கள். இப்போது ஒவ்வொரு ஓட்டமும் தொடங்கும்போது மீதி 60க்கும் 84க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணாக இருக்கும்.

வரும் விடை: 16 வாரத்துக்குள் 14 சதவீதம், 19க்குள் 49, 20க்குள் 62, 21க்குள் 73, 22க்குள் 83, 23க்குள் 89.

சற்று முன் 91 சதவீதம் உறுதி என்று தோன்றிய மே 15, இப்போது பாதிக்குப் பாதி. 85ஐத் தாண்டுவது 23ஆம் வாரம், ஜூன் 12. வார எண்களின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்தது மூன்று வாரத்தைக் கூட்டியது. வேலை பெருகுவதை எடுத்தது மேலும் நான்கு வாரத்தைக் கூட்டியது. மான்டி கார்லோ செய்தும் தேதி தவறியது என்று அலுத்துக்கொள்ளும் அணிகளிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பெருக்கத்தைச் சேர்த்தார்களா என்றுதான்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் முளைத்த டிக்கெட்டுகளை முடித்ததும் உங்கள் பழைய வார எண்களில் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றை முடிந்தவற்றில் எண்ணாமல் மீதியில் மட்டும் பெருக்கினால் அதே வேலைக்கு இரண்டு முறை தண்டனை கொடுத்ததாகும்.

## 9. தேதியைச் சொல்லும் விதம்

‘ஜூன் 12’ என்று மட்டும் எழுதினால் இத்தனை வேலையும் வீண். படிப்பவருக்கு அதுவும் ஒற்றைத் தேதிதான். ‘மே 15க்குள் முடியப் பாதி வாய்ப்பு, ஜூன் 12க்குள் முடியப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு’ என்று இரண்டு தேதிகளையும் ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே எந்த வாரங்களின் எண்கள், எத்தனை டிக்கெட், எவ்வளவு பெருக்கம் என்பதையும் சேருங்கள். யாராவது மறுத்தால் இந்த மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் மறுக்க வேண்டும். அது பயனுள்ள வாக்குவாதம்.

சில நேரம் கேள்வி தலைகீழாக வரும். தேதி முடிவாகிவிட்டது, ஏப்ரல் 24. அதற்குள் எவ்வளவு முடியும்? அப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் 16 சீட்டுகளை எடுத்துக் கூட்டுங்கள். இங்கே பலர் வழுக்குகிறார்கள். விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 85ஆவது சதவீத இடத்தில் இருப்பதைப் படித்துவிடுவார்கள். அது 85 சதவீத ஓட்டங்களில் எட்ட முடியாத எண். தேதி என்றால் பின்னால் போகப் போக உறுதி கூடும். எண்ணிக்கை என்றால் குறையக் குறையத்தான் கூடும். ஆகவே கீழிருந்து 15 சதவீத இடத்தைப் படியுங்கள். நம் அணிக்கு அது 52. பெருகி வரும் டிக்கெட்டுகளும் இந்த 52க்குள் அடக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

## 10. 12 எண்களால் சொல்ல முடியாதது

10,000 ஓட்டம் என்ற எண் பெரியதாக இருப்பதால் விடையும் அவ்வளவு நம்பகமானது என்று தோன்றும். கையில் உள்ள ஆதாரம் 12 வாரங்கள்தான். அந்த 12 சற்று அதிர்ஷ்டமான வாரங்களாக இருந்திருந்தால், எல்லா ஓட்டங்களும் அதே அதிர்ஷ்டத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும்.

இதை ஓரளவு ஈடுகட்டலாம். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும், உள்ள 12 எண்களிலிருந்து 12 முறை எடுத்து ஒரு புதிய டப்பாவை உருவாக்குங்கள்; அந்த ஓட்டம் முழுதும் அந்தப் புதிய டப்பாவிலிருந்தே எடுங்கள். நிரலில் `while` வரிக்கு முன் இதைச் சேர்த்து, `random.choice(history)` என்பதை `random.choice(box)` என்று மாற்ற வேண்டும்:

```python
    box = random.choices(history, k=len(history))
```

அப்படிச் செய்தால் ஜூன் 12க்கான 89 சதவீதம் ஏறக்குறைய 80க்கு இறங்கும். 85ஐத் தொட 24 அல்லது 25 வாரம் ஆகும். 50 சதவீதத் தேதி பெரிதாக நகராது. புதிய அணி, குறைந்த வாரங்கள் என்றால் நான் இந்த வடிவத்தையே விரும்புவேன். ஒரு வருட எண்கள் இருந்தால் வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடும்.

எதைச் செய்தாலும் டப்பாவில் இல்லாதது வெளியே வராது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போவது, மூன்று வாரம் வாடிக்கையாளரிடமிருந்து பதிலே வராதது, இதுவரை தொடாத ஒரு தொழில்நுட்பத்துக்கு மாறுவது ஆகியவை பழைய எண்களில் இல்லை. அடுத்தடுத்த வாரங்கள் ஒன்றையொன்று பாதிக்காது என்றும் இந்த முறை நினைத்துக்கொள்கிறது. ஒரு தடை வந்தால் நான்கு வாரம் இழுக்கும் அணிகளுக்கு அது பொருந்தாது. வார எண்களை வரிசையாகப் பார்த்தாலே தெரியும்: சுழியங்கள் சிதறிக் கிடக்காமல் கொத்தாக நிற்கும். அப்போது ஒரு வாரத்துக்குப் பதிலாக, அடுத்தடுத்த மூன்று வாரங்களை ஒரே சீட்டாக எழுதிக் குலுக்குங்கள்.

## 11. திரும்ப ஓட்டுதல்

கணிப்பை ஒருமுறை செய்து சுவரில் ஒட்டினால் அது ஒரு மாதத்தில் பழையதாகிவிடும். வாரம் முடிந்ததும் புதிய எண்ணைச் சேர்த்து, மிகப் பழையதை நீக்கி, மீதியை மறுபடி எண்ணி ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

நம் அணியின் முதல் நான்கு வாரங்கள் 3, 0, 4, 5 என்று போயின என்று வைத்துக்கொள்வோம். சுழியம் பொங்கல் வாரம். 12 முடிந்தது, புதிதாக 4 சேர்ந்தது. ஜனவரி 30 மாலையில் மீதி 52. புதிய 12 வார எண்கள்: 4, 2, 5, 7, 3, 4, 1, 5, 3, 0, 4, 5. பெருக்கத்தை அதே 1.0 முதல் 1.4 என்று விட்டு நிரலை ஓட்டினால், இப்போது 19ஆம் வாரமாக நிற்கும் ஜூன் 12க்குள் முடியும் வாய்ப்பு 73 சதவீதமாக இறங்கியிருக்கும். 85ஐத் தாண்டும் தேதி ஜூன் 26.

இது கெட்ட செய்தி. ஆனால் பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்த கெட்ட செய்தி. ஒரு வாரச் சரிவைக் கண்டு பதறாதீர்கள். ஒற்றை வாரம் சில சதவீதம் மேலும் கீழும் ஆட்டும். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் ஒரே பக்கம் இறங்கினால் வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய நேரம்.

பேசப் போகும் முன் இன்னொரு ஓட்டம் ஓட்டுங்கள். `remaining` மதிப்பை ஒவ்வொன்றாகக் குறைத்து, எந்த இடத்தில் ஜூன் 12 மறுபடி 85ஐத் தாண்டுகிறது என்று பாருங்கள். 49 வைத்தால் 84 சதவீதம் வருகிறது. 48 வைத்தால் 87. ஆக, நான்கு டிக்கெட்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் பழைய தேதியே நிற்கும். எந்த நான்கு என்பதை அவர் சொல்லட்டும். வேண்டாம் என்றால் தேதி ஜூன் 26.